விழ மறுத்த கட்டை

அந்த இயற்பியல் விடைத்தாள் மதிப்பீட்டு முகாமில் ஒரு மரக்கட்டை கீழே விழுந்தே ஆக வேண்டும் என்று எழுத்து மூலமாக உத்தரவு இருந்தது. விடைக்குறிப்பு என்று அதற்குப் பெயர். முத்திரை உண்டு, கையெழுத்து உண்டு, பக்கத்துக்குப் பக்கம் 'இரகசியம்' என்ற சொல்லும் உண்டு. கட்டைக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை.

கேள்வி முப்பத்தெட்டு, ஐந்து மதிப்பெண், கட்டாய வினா. ஓய்வில் நிற்கும் நீளமான தள்ளுவண்டி. அதன் தட்டில், பின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, நாலு கிலோ கட்டை ஒன்று. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.3. இயக்க உராய்வுக் குணகம் 0.2. வண்டி 2.5 மீட்டர்/வினாடி² என்ற மாறாத முடுக்கத்தோடு முன்னால் கிளம்புகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியோடு சேர்ந்து நகர்பவரின் பார்வையில், போலி விசையைக் கொண்டு கட்டை வழுக்குமா என்று தீர்மானிக்கவும். எத்தனை வினாடியில் அது பின்பக்கமாக விழும் என்று காணவும்.

விடைக்குறிப்பின்படி விடை: இரண்டு வினாடி.

முதல் நாள் காலை அதை மைக் வைத்துப் படித்தவர் தலைமை மதிப்பீட்டாளர். அறையில் இருந்தது இருபத்திரண்டு பேர், மைக் தேவையில்லை. ஆனால் அவருக்குத் தேவையாக இருந்தது. மாணவர்கள் வீடுதோறும் வைத்திருக்கிற வழிகாட்டிப் புத்தகத்தை எழுதியவர் அவர்தான். பதினாலு பதிப்பு கண்ட புத்தகம். அட்டையில் கன்னத்தில் கை வைத்துத் தூரத்தை யோசிக்கிற அவர் படம், படத்துக்குக் கீழே 'இயற்பியல் செம்மல்' என்ற பட்டம். பட்டத்தைக் கொடுத்தது யார் என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. ஆசிரியர்கள் முகத்துக்கு நேரே 'சார்' என்றார்கள், முதுகுக்குப் பின்னால் செம்மல் என்றார்கள். இரண்டுமே அவருக்குத் தெரியும். இரண்டாவதும் புகழ்ச்சிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"இரண்டு வினாடி" என்று அவர் மைக்கில் சொன்னபோது, மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அடுத்த நொடியே அந்தப் பால் திரிந்தும் போயிற்று.

டீச்சருக்கு முகாமில் 'அரைமார்க்' என்று பெயர். முழு மதிப்பெண்ணும் தர மனம் வராது, பூஜ்யம் போடவும் கை வராது. படத்தில் ஓர் அம்புக்குறி சரியாக இருந்தால்கூட அதற்கொரு அரை மார்க் தேடிப்பிடிப்பார். அவர் மகள் இந்த வருடம் இதே தேர்வை எழுதியிருந்தாள். அவள் தாள் வேறு மண்டலத்துக்குப் போயிருந்தது. அதில் விதிமீறல் ஒன்றும் இல்லை. விதிக்குள் அடங்காத விஷயம் வேறொன்று இருந்தது.

தேர்வு முடிந்த அன்று மகள் செருப்பைக் கழற்றாமலே சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, அந்தத் தள்ளுவண்டிக் கணக்குல முதல்ல வழுக்காதுன்னு எழுதினேன். விழாதுன்னும் எழுதிட்டேன். அப்புறம் பார்த்தா, எத்தனை வினாடியில விழும்னு கேட்டிருக்கான். விழாததை யாராவது அப்படிக் கேப்பாங்களா? செம்மல் கைடுலயும் இதே கணக்கு, ரெண்டு வினாடின்னு ஞாபகம். எல்லாத்தையும் அடிச்சிட்டு ரெண்டு வினாடின்னு போட்டுட்டேன். சரிதானே?"

டீச்சர் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கணக்கை மனதில் போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மகள் அடித்ததுதான் சரி, அடித்துவிட்டு எழுதியது தவறு.

"பார்த்துக்கலாம், போய் முகம் கழுவு" என்றார்.

இப்போது விடைக்குறிப்பே மகள் பக்கம் சாய்ந்துவிட்டது. தவறான விடைக்கு ஐந்து மார்க். டீச்சர் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதற்கு விதிமுறையில் தடை ஏதும் கிடையாது. ஒன்றரை நாள் பேசாமல்தான் இருந்தார். கட்டுக் கட்டாக 'இரண்டு வினாடி' வந்தது, கட்டுக் கட்டாக ஐந்து போட்டார். அரைமார்க் டீச்சர் இப்படி முழு மார்க்காக வாரி இறைப்பதைப் பார்த்து, பக்கத்து நாற்காலிக்காரர் நாடி பார்ப்பது போல் அவர் மணிக்கட்டைத் தொடப் போனார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, டீச்சர்?"

பக்கத்து நாற்காலிக்காரர் இன்னும் அறுபது நாளில் ஓய்வு பெறுகிறவர். யார் என்ன கேட்டாலும் "எனக்கு இன்னும் அறுபது நாள்தான்" என்று ஆரம்பிப்பார். போன மாதமும் அறுபது நாள்தான் சொன்னார். அதனால் அவர் பெயரே அறுபது நாள் என்று ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் மதியம் ஒரு தாள் வந்தது. கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்தது. ஆனால் படம் சுத்தமாக இருந்தது. வண்டிக்கு மேலே ஒரு சின்ன மனிதனை வேறு வரைந்து, 'பார்ப்பவர் இவர்' என்று அம்பு போட்டிருந்தது. கீழே:

'இவர் வண்டியோடு போகிறார். இவருக்குக் கட்டை சும்மா இருக்கிறது. வண்டி முன்னால் முடுக்கம் பெறுவதால் கட்டை மேல் பின்னோக்கிப் போலி விசை: 4 × 2.5 = 10 நியூட்டன். தட்டு கட்டையை மேலே தாங்குவது 40 நியூட்டன். ஓய்வுநிலை உராய்வு அதிகபட்சம் 0.3 × 40 = 12 நியூட்டன் வரை முன்னோக்கிப் பிடிக்கும். பிடிக்க வேண்டியது 10 மட்டுமே. ஆகவே உராய்வு 10 நியூட்டன், கட்டை வழுக்காது. வழுக்காதது விழாது. எத்தனை வினாடி காத்திருந்தாலும் விழாது.'

கடைசி வரியை அழுத்தி எழுதியதில் பேனா தாளைக் கிழித்திருந்தது. பயந்துகொண்டே எழுதிய கை அது. விடைக்குறிப்புப்படி இதற்குப் போலி விசைக்கு ஒன்று, தாங்கும் விசைக்கு ஒன்று, ஆக இரண்டு. மீதி மூன்றும் போச்சு.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அவர் மகளும் இதையேதான் எழுதினாள், பிறகு அடித்தாள். இந்தப் பிள்ளைக்கு அடிக்கத் தோன்றவில்லை. அடிக்காத குற்றத்துக்கு மூன்று மார்க் அபராதம், அதுவும் தன் கையால்.

எழுந்து செம்மலின் மேசைக்குப் போனார்.

செம்மல் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்தார். சின்ன மனிதனைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன டீச்சர், இதுக்கெல்லாம் எங்கிட்ட வரணுமா? குறிப்புல என்ன இருக்கோ அதைப் போடுங்க."

"சார், குறிப்புதான் தப்புன்னு தோணுது."

சுற்றி இருந்த பேனாக்கள் நின்றன. செம்மல் பிஸ்கட்டை நனைத்த கையோடு அப்படியே நிறுத்தினார். பிஸ்கட்டின் பாதி ஒன்றும் சொல்லாமல் தேநீரில் மூழ்கியது.

"என்ன தப்பு? போலி விசை பத்து நியூட்டன். இயக்க உராய்வு 0.2 இன்ட்டு நாப்பது, எட்டு நியூட்டன். பத்து பெருசா எட்டு பெருசா? பத்து. அப்ப வழுக்கும். மிச்சம் ரெண்டு நியூட்டன் நாலு கிலோவைப் பின்னால தள்ளுது, முடுக்கம் அரை. ஒரு மீட்டர் போக ரெண்டு வினாடி. முழு எண் வருது பாருங்க. தப்பான கணக்குல முழு எண் வருமா?"

இது அந்த அறைக்கு நன்றாக எட்டும் வாதம். பரம்பரை பரம்பரையாகக் கணக்குப் போட்டு வந்தவர்கள் எல்லோருக்கும், விடை முழு எண்ணாக வந்தால் வந்த வழியும் சரிதான் என்ற நம்பிக்கை உண்டு. இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள்.

"சார், எட்டுங்கறது வழுக்க ஆரம்பிச்ச பிறகு இருக்கற உராய்வு. வழுக்குமா வழுக்காதான்னு முடிவு பண்ண வேண்டியது பன்னெண்டை வச்சு. பத்தால பன்னெண்டைத் தாண்ட முடியாது. தாண்டாம எட்டுக்கு எப்படிப் போறது?"

அறுபது நாள் தன் மேசையில் இருந்தபடியே, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "கல்யாணமே ஆகல, அதுக்குள்ள ஜீவனாம்சம் கேட்டா எப்படி?"

அறை சிரித்தது. செம்மல் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த 0.3 எதுக்கு சார் கொடுத்திருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

செம்மல் தேநீரில் மூழ்கிய பிஸ்கட்டை மீட்கப் பார்த்தார். உண்மை என்னவென்றால், இந்தக் கேள்வியைத் தயாரித்தவரே அவர்தான். அவர் வழிகாட்டியின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இந்தக் கணக்குக்கு ஒரே குணகம்தான்: உராய்வுக் குணகம் 0.2, அவ்வளவுதான். அங்கே கட்டை யோக்கியமாக இரண்டு வினாடியில் விழும். தேர்வுத் தாளுக்கு அதை அப்படியே தூக்கிப் போட்டால் பார்க்க எளிமையாக இருக்கிறதே என்று, கொஞ்சம் கனம் சேர்ப்பதற்காக 0.3 என்று இன்னொன்றைக் கூடுதலாக ஒட்டினார். அட்டையில் கன்னத்தில் கை வைத்தது எதற்கோ அதற்குத்தான் இதுவும். ஒட்டியது கட்டையைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

"அது... மாணவனைச் சோதிக்கப் போட்ட தூண்டில்" என்றார் கடைசியில். "அதுல மாட்டினவன் இந்தப் பையன்."

"மீன் சரியாத்தான் நீந்தியிருக்கு, சார். தூண்டில்ல மாட்டினது..." என்ற டீச்சர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

"சரி, வண்டி கிளம்பறப்ப ஒரு குலுங்கு குலுங்கும் இல்லையா? அந்தக் குலுக்கல்ல கட்டை நகர ஆரம்பிச்சுடும். நகர ஆரம்பிச்சா எட்டுதானே?"

"குலுங்கி நகர்ந்துட்டா எட்டுதான், ஒத்துக்கறேன். ஆனா கேள்வியில குலுக்கல் எங்க இருக்கு? மாறாத முடுக்கம்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

செம்மல் கேள்வித்தாளை எடுத்தார், குலுக்கலைத் தேடினார். இல்லை. தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

அன்று மாலைக்குள் அறையில் இன்னொரு கணக்குத் தயாராகிவிட்டது. தண்ணீர்க் குழாய் அருகே டீச்சர் போனபோது அங்கே இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு முந்தைய வார்த்தை காற்றில் மிச்சமிருந்தது: "...பொண்ணு எழுதியிருக்கு இந்த வருஷம். அதான் இந்தத் துடிப்பு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் அழுகையாகத்தான் வந்திருக்கும். துடிப்பு என்னவோ உண்மைதான், திசையைத்தான் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

அன்று வீட்டில் மகள் கையில் பேனாவோடு எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள். தான் சேர விரும்பும் கல்லூரிப் படிப்புக்குப் போன வருடம் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணைப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"குறைச்சுப் போட்டாக்கூட ரெண்டு மார்க் மேல நிக்கறேம்மா. முப்பத்தெட்டுக்கு அஞ்சு வச்சுத்தான் சொல்றேன்."

டீச்சர் சாப்பாட்டை முழுங்காமல் மென்றுகொண்டே இருந்தார். இரண்டு மார்க் மேலே நிற்கிறாள். மூன்று மார்க் கழிந்தால் ஒன்று கீழே. இந்தக் கழித்தலைத் தெரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலை, எதிர்ப்புப் படிவம் என்று ஒன்று இருப்பதை டீச்சர் கண்டுபிடித்தார். முகாம் அலுவலகத்தில் பத்து வருடமாக ஒருவரும் கேட்காத படிவம். எழுத்தர் அதைத் தேடி எடுப்பதற்குள் தூசியில் இரண்டு முறை தும்மினார். விடைக்குறிப்பில் பிழை என்றால் இரண்டு மதிப்பீட்டாளர்கள் கையெழுத்திட்டு வாரியத்துக்கு அனுப்பலாம். டீச்சர் தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டாவதற்கு அறுபது நாளிடம் போனார்.

"எனக்கு இன்னும் அறுபது நாள்தான்..." என்று ஆரம்பித்தவர், படிவத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "சரி, குடுங்க. இறங்கற ஸ்டாப் வந்துடுச்சு. இனிமே டிரைவர் முறைச்சா என்ன?" என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுக்கு நல்லது நடக்கட்டும், டீச்சர்."

அவருமா என்று இருந்தது டீச்சருக்கு.

படிவம் தபாலுக்குப் போகும் முன்பே செய்தி செம்மலுக்குப் போய்விட்டது. மதிய உணவுக்குப் பிறகு அறையைக் கூட்டினார். மைக் இருந்தது. குரல் மட்டும் முதல் நாளையதில் பாதி.

"நண்பர்களே, அறிவியல்ல பல பார்வைகள் உண்டு. தரையில நிக்கறவன் ஒண்ணு பார்ப்பான், வண்டியில போறவன் ஒண்ணு பார்ப்பான். அதனால பெருந்தன்மையோட ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். 'வழுக்கும், ரெண்டு வினாடி'ன்னு எழுதினாலும் அஞ்சு. 'வழுக்காது, விழாது'ன்னு எழுதினாலும் அஞ்சு. ரெண்டும் சரி. எல்லாரும் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டா வாரியம் வரைக்கும் போக வேண்டியதில்லை. முக்கியமா அந்தப் படிவம் வேண்டியதில்லை."

அறையில் நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. முடித்த கட்டுகளை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடலாம், யார் மனதும் நோகாது. தாள் மேசைக்கு மேசை நகர்ந்தது. அதில் செம்மலின் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'கட்டை வழுக்கும் என்பதும் வழுக்காது என்பதும் ஒருங்கே சரியென ஆய்ந்து ஏற்கிறோம்.'

அது டீச்சர் முன்னால் வந்து நின்றது.

கையெழுத்துப் போட்டால் கோழிக்கிறுக்கல் பிள்ளைக்கு ஐந்து. மகளுக்கும் ஐந்து. கெட்டுப்போகிறவர் யார்? யாருமில்லை. பார்வை மாறினால் விடை மாறாது, தரையிலிருந்து பார்த்தாலும் கட்டை வண்டியோடு சேர்ந்தேதான் போகும் என்பது இந்த அறைக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் பதினேழு பேர் போட்டிருந்தார்கள். பதினெட்டாவதாகத் தானும் போட்டால் என்ன குடி முழுகிவிடும்? மகள் எழுதாத வருடமாக இருந்தால் போடுவேனா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கான பதிலும் கூடவே வந்தது. போடமாட்டார். இந்தச் செம்மலையும் இந்த வாக்கியத்தையும் சேர்த்துக் கிழித்திருப்பார். அப்படியானால் இந்தக் கையெழுத்து கட்டைக்காகப் போடுவது இல்லை.

"என்ன டீச்சர் யோசனை?" என்றார் செம்மல், தேன் தடவிய குரலில். "உங்களுக்கும் சாதகமான முடிவுதானே. வீட்டுலயும் ஒரு தாள் இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

யாரோ இருமினார்கள். டீச்சர் எழுந்தார்.

"ஆமாம் சார், இருக்கு. என் பொண்ணு ரெண்டு வினாடின்னு எழுதியிருக்கா."

தண்ணீர்க் குழாயருகே பேசிய இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அறுபது நாள் வாயைத் திறந்து மூடினார்.

"முதல்ல சரியா எழுதி, உங்க கைடு ஞாபகம் வந்து அடிச்சிட்டா. நான் இதுல கையெழுத்துப் போட்டா அவளுக்கு மூணு மார்க் மிஞ்சும். அதனாலதான் என்னால போட முடியாது. படிவம் போகட்டும்."

தாள் அவரிடமிருந்து அடுத்த மேசைக்கு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முன்வரிசை ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்து, முதலில் போட்ட தன் கையெழுத்தை மெதுவாகக் கோடு இழுத்து அடித்துவிட்டுப் போனார். பிறகு இன்னொருவர் வந்தார்.

நான்காம் நாள் காலை வாரியத்திலிருந்து எல்லா மண்டலங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. படிவம் போய்ச் சேரும் முன்பே செம்மல் இரவு தொலைபேசியில் முந்திக்கொண்டிருந்தார். 'தலைமை மதிப்பீட்டாளரின் நுண்ணிய மறு ஆய்வில் புலப்பட்டதன் பேரில், கேள்வி முப்பத்தெட்டுக்கான விடை "கட்டை வழுக்காது, ஆகவே விழாது" எனத் திருத்தப்படுகிறது. இரண்டு வினாடி என எழுதியோருக்குப் போலி விசைக்கும் தாங்கும் விசைக்கும் உரிய இரண்டு மதிப்பெண் மட்டும்.' செம்மல் அதையும் மைக்கில் படித்தார். 'நுண்ணிய' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பதினைந்தாம் பதிப்பில் இந்தக் கணக்கு 'நுட்பமான வினாக்கள்' பகுதியில் இடம்பெறும் என்றும் தகவல் சொன்னார்.

டீச்சர் தன் பழைய கட்டுகளைத் திரும்ப வாங்கினார். ஐந்தை அடித்து இரண்டு, ஐந்தை அடித்து இரண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்து. கோழிக்கிறுக்கலுக்கு மட்டும் ஐந்து. அதுதான் அந்த வாரம் அவர் மனமாரப் போட்ட முழு மார்க். ஆனால் ஏதோ ஒரு மண்டலத்தில், ஏதோ ஓர் அறையில், முகம் தெரியாத ஒருவர் இதே நேரத்தில் இன்னொரு தாளில் ஐந்தை அடித்துக்கொண்டிருப்பார்.

மாலை வீட்டுக்குப் போனதும், முந்தின இரவே விஷயம் தெரிந்திருந்த கணவர் கதவைத் திறந்தார். முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"முடிச்சிட்டியா?"

"ம்."

"அவகிட்ட நீயே சொல்லு. என்னால ஆகாது."

மகள் சாப்பாட்டு மேசையில் இருந்தாள். டீச்சர் பையைக் கீழே வைக்காமலே சொன்னார். சுற்றறிக்கையை, படிவத்தை, யார் கையெழுத்து முதலில் இருந்தது என்பதையும். மகள் கூட்டல் தாளை இழுத்து ஐந்தை அடித்து இரண்டு என்று எழுதினாள். மொத்தத்தை மறுபடி போட்டாள். பக்கத்தில் இருந்த போன வருட எண்ணைப் பார்த்தாள்.

"ஒரு மார்க் கீழ" என்றாள்.

"இந்த வருஷம் எல்லாருக்கும்தான் குறையும். கட்-ஆஃப் இறங்கலாம்..."

"இறங்கலாம். இறங்காமலும் போகலாம்." அவள் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் டீச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "யாரும் உன்னைக் கேக்கலையேம்மா. சும்மா இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"அப்புறம்?"

டீச்சருக்குப் பதில் இருந்தது. அறையில் சொன்ன அதே பதில்தான். அங்கே இருபது பேர் முன்னால் கம்பீரமாக நின்ற அந்த வாக்கியம், இங்கே ஒரு பிள்ளையின் முன்னால் நிற்கவில்லை.

மகள் கூட்டல் தாளை மடித்தபடி கேட்டாள்: "நான் ஒத்தக் கோடுதான் போட்டு அடிச்சேன். கிறுக்கல. கீழ எழுதினது பளிச்சுன்னு தெரியும். பன்னெண்டு, பத்து, வழுக்காது, எல்லாமே படிக்கலாம். படிச்சா மார்க் போடுவாங்களா?"

இந்த நாலு நாளில் டீச்சர் திருத்திய தாள்களில் அப்படி அடித்தவை ஒன்பது இருந்தன. ஒன்பதையும் அவர் படித்தார். ஒன்பதுக்கும் இரண்டுதான் போட்டார்.

"தெரியும், கண்ணு" என்றார். "ஆனா அடிச்சதைப் பார்க்கக் கூடாதுன்னு விதி."